தங்கத்தை விற்று சுரங்கத்தை வாங்குவது

அமெரிக்கப் பங்குச் சந்தையில் GLD என்றொரு ஃபண்ட் இருக்கிறது. பெட்டகத்தில் இருக்கும் தங்கக் கட்டிகள்தான் அதன் சொத்து. GDX என்பது இன்னொன்று. தங்கம் தோண்டும் சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருப்பது. தங்கம் ஏறினால் சுரங்கக்காரர்களின் லாபம் ஏறும், இறங்கினால் குறையும். ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் போகும். 'ஜோடி வர்த்தகம்' செய்பவர்களுக்கு இந்த உறவே முதல். தங்கம் நாளை ஏறுமா இறங்குமா என்பது அவர்களுக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழக்கத்தைவிட விரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஒரு வருடத்து விலைகளை எடுத்து, GDX விலையைக் கிடையாகவும் GLD விலையை நெடுக்காகவும் வைத்து நாளுக்கொரு புள்ளியிடுங்கள். அந்தப் புள்ளிக் கூட்டத்தின் ஊடே மிக நெருக்கமாகப் போகும் கோட்டை வரைந்து தருவது ரிக்ரஷன். கோட்டின் சரிவு 1.6 என்று வந்தால், GDX ஒரு டாலர் நகரும்போது GLD சுமார் 1.6 டாலர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதுதான் ஹெட்ஜ் விகிதம். 100 GLD-க்கு எதிர்ப்பக்கம் 160 GDX வைத்தால், இரண்டும் சேர்ந்து நகரும் பகுதி கழிந்துபோகும். மிஞ்சுவது ஸ்ப்ரெட்.

```
spread = GLD - 1.6 * GDX
z = (spread - mean) / sd
```

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. GLD 80 டாலர், GDX 45 டாலர் என்றால் ஸ்ப்ரெட் 8. கடந்த ஒரு வருடத்தில் அதன் சராசரி 5, திட்ட விலக்கம் 1.5 என்று வையுங்கள். எட்டிலிருந்து ஐந்தைக் கழித்து 1.5-ஆல் வகுத்தால் இசட்-ஸ்கோர் 2. பலரும் இறங்கும் எல்லை இதுதான். தங்கம் சுரங்கத்தைவிட மிஞ்சி விலை போகிறது என்று கொண்டு, 100 GLD-யை ஷார்ட் செய்து, அதாவது கடன் வாங்கி விற்று, 160 GDX வாங்குகிறார்கள். சில நாளில் GLD 82-க்கும் GDX 48-க்கும் வருகின்றன. விற்ற பக்கம் 200 டாலர் நஷ்டம், வாங்கிய பக்கம் 480 டாலர் லாபம். ஸ்ப்ரெட் 5.2-க்கு இறங்கிவிட்டது, கையில் 280 டாலர். தங்கம் ஏறியும் அதை விற்றவருக்கு லாபம். இந்த முறையின் ருசி இதில்தான் இருக்கிறது. தரகும் ஷார்ட்டுக்கான கடன் வட்டியும் இந்த 280-லிருந்துதான் போக வேண்டும்.

இந்த ஜோடியை ஏர்னி சான் என்ற வர்த்தகர் தன் புத்தகத்தில் உதாரணமாக எடுத்திருந்தார். அடுத்து எழுதிய புத்தகத்தில், 2008 நடுவோடு உறவு அறுந்துபோனதை அவரே சொல்லி, எண்ணெய் விலையைக் காரணம் காட்டினார். அது நியாயமான விளக்கம். சுரங்கத்தின் லாபம் தங்கத்தின் விலையிலிருந்து தோண்டும் செலவு போக மிஞ்சுவது. டீசல் விலை எகிறினால் தங்கம் அதே விலையில் இருந்தாலும் லாபம் தேயும். அந்த இலையுதிர் காலத்தில் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் தங்கம் ஏறக்குறைய கால் பங்கு இறங்கியது. சுரங்கப் பங்குகள் பாதிக்கு மேல் கரைந்தன. நம் 100-க்கு 160 கணக்கில் பார்த்தால் தங்கப் பக்கம் 2,000 டாலர் லாபம், சுரங்கப் பக்கம் 3,600-க்கு மேல் நஷ்டம்.

இசட்-ஸ்கோர் அப்போது எச்சரிக்கவில்லை. இரண்டில் வாங்கச் சொன்ன சூத்திரத்துக்கு நான்கு என்பது இன்னும் நல்ல வாய்ப்பு. உறவு விரிந்திருக்கிறதா, முறிந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. இதைவிட வஞ்சகமானது ஒன்று உண்டு. சராசரியைக் கடைசி 60 நாளுக்கு மட்டும் கணக்கிட்டு, தினம் நகர்த்திக்கொண்டே போனால், விரிந்த ஸ்ப்ரெட் அப்படியே நின்றாலும் சராசரி மெல்ல அதை நோக்கி ஏறிவரும். ஒரு நாள் திரையில் இசட்-ஸ்கோர் பூஜ்யம் என்று காட்டும், கணக்கிலோ நஷ்டம் அப்படியே இருக்கும்.

ரிக்ரஷனும் காப்பாற்றாது. சம்பந்தமே இல்லாத இரண்டு விலைகளைக் கொடுத்தாலும் அது ஒரு கோட்டை வரைந்து தந்துவிடும். ஸ்ப்ரெட் உண்மையிலேயே சராசரிக்குத் திரும்பும் குணமுடையதா என்று சோதிக்க எங்கிளும் கிரேஞ்சரும் 1987-இல் வழி சொன்னார்கள். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் சோதனையும் கடந்த கால விலைகளைத்தான் பார்க்கிறது.

அதனால் விவரமானவர்கள் நாட்களையும் எண்ணுகிறார்கள். முன்பெல்லாம் ஸ்ப்ரெட் பாதி தூரம் திரும்ப பத்து நாள் எடுத்தது என்றால், முப்பது நாளாகியும் அசையாத ஜோடியை இசட்-ஸ்கோர் என்ன சொன்னாலும் நஷ்டத்தோடு முடித்துவிட்டு, சுரங்கங்களின் செலவுக் கணக்கைப் புரட்டப் போகிறார்கள்.