பாக்கி கேட்கும் பக்குவம்

மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆனால் தெருமுனை மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டைக் கையில் எடுத்துவிடுவார். முன்பு சாமான் கட்டிக்கொண்டே வாய்வார்த்தையாகக் கேட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சிரித்தபடி சொல்லும்போது உறைக்காத பேச்சு, எழுத்தில் வந்தால் சுருக்கென்று தைக்கிறது.

இப்படி ஒரு செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“பாக்கி 2,340. மூணு மாசம் ஆச்சு. குடுத்தாத்தான் இனி சாமான்.”

மரியாதை இல்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது. கணக்கும் இல்லை என்பதுதான் பெரிய குறை. நோட்டைப் புரட்டினால் ஆகஸ்ட் வரை நின்ற பாக்கி 1,150 ரூபாய். செப்டம்பரில் வாங்கியது 1,690. நடுவில் 14ஆம் தேதி 500 ரூபாய் வரவு வைத்திருக்கிறார். கொடுத்த ஐந்நூறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றுதான் வாங்கியவருக்கு முதலில் கோபம் வரும். ‘மூணு மாசம்’ என்பதும் மிகை. பாதிக்கு மேல் போன மாதத்துக் கடன்தான்.

அதே பாக்கியை இப்படிக் கேட்கலாம்:

“வணக்கம் அக்கா. உங்க மளிகைக் கணக்கு: ஆகஸ்ட் பாக்கி ரூ.1,150. செப்டம்பர்ல வாங்கினது ரூ.1,690. 14ஆம் தேதி நீங்க குடுத்தது ரூ.500. இப்போ பாக்கி ரூ.2,340. வர்ற 10ஆம் தேதிக்குள்ள குடுத்தா சரக்கு எடுக்க உதவியா இருக்கும். கணக்குல வித்தியாசம் இருந்தா சொல்லுங்க, நோட்டைப் பார்த்துச் சரிபண்ணிடலாம்.”

கடைசி வரி வெறும் உபசாரம் அல்ல. பல வீடுகளில் சாமான் வாங்குபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். பையன் வந்து “கணக்குல எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போன பிஸ்கட்டும் ஷாம்பும் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

தேதியைப் பார்த்துப் போட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு 10ஆம் தேதி சரி. சனிக்கிழமை வாரக்கூலி வாங்குபவரிடம் அந்த வாரமே ஒரு பகுதியைக் கேட்பதுதான் நடக்கும். பயந்துபோய் “முடிஞ்சப்போ குடுங்க” என்று எழுதினால் அந்த ‘முடிஞ்சப்போ’ தீபாவளியைத் தாண்டிவிடும். கடனை நிறுத்துவதாக இருந்தால் அதை இந்தச் செய்தியில் நுழைக்காமல், கூட்டம் இல்லாத நேரத்தில் நேரில் சொல்வது நல்லது.

சிலர் சோம்பல்பட்டு நோட்டுப் பக்கத்தையே படமெடுத்து அனுப்புகிறார்கள். அதே பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் பாக்கியும் இருக்கும்! தெருக் குழுவில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“20ஆம் தேதி எண்ணெய் நாங்க வாங்கலையே” என்று பதில் வந்தால் விவாதிக்காமல் நோட்டைப் பார்க்க வேண்டும். வேறு வீட்டுப் பற்று மாறி ஏறியிருந்தால் அடித்துவிட்டு, குறைந்த பாக்கியை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடலாம். வாயால் மட்டும் “சரி, கழிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதமும் அதே எண்ணெய் கணக்கில் வந்து நிற்கும்.