14 இரவுகள், 3 ஞாயிறுகள்: ஒரு வார்டின் டூட்டிக் கணக்கு

30 படுக்கைகள் உள்ள ஒரு பொது வார்டு. செவிலியர்கள் 12 பேர். காலை டூட்டி 7 மணி முதல் 2 மணி வரை; 7 மணி நேரம், 4 பேர். மதிய டூட்டி 2 மணி முதல் 8 மணி வரை. 6 மணி நேரம், 3 பேர். இரவு டூட்டி 8 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை. 11 மணி நேரம், 2 பேர். இது எந்த மருத்துவமனையின் ஆவணமும் அன்று, கணக்குக்காக வைத்துக்கொண்ட மாதிரி. முதல் கணக்கில் யாரும் விடுப்பில் இல்லை என்றும் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு நாளைக்கு 9 டூட்டி. 3 பேருக்கு ஓய்வு. டூட்டிப் பட்டியலை வழக்கம்போல் 4 வாரத்துக்கு, அதாவது 28 நாளுக்குப் போட்டால் மொத்தம் 252 டூட்டி வரும். ஒருவருக்கு 21 டூட்டி, 7 ஓய்வு நாள். இதுவரை மீதமின்றி வகுபடுகிறது. இரவு மட்டும் வகுபடாது. 28 நாளில் இரவு டூட்டி 56. அதை 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 4.67. யாரும் 0.67 இரவு பார்க்க முடியாது. எனவே 8 பேருக்கு 5 இரவும் 4 பேருக்கு 4 இரவும் போட வேண்டியிருக்கிறது. 4 வாரப் பட்டியலை எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் ஒரு இரவு வித்தியாசம் இருந்தே தீரும்.

அந்த ஒரு இரவு யாருக்குக் குறைகிறது என்பதை எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 13 பட்டியல்கள். ஒவ்வொன்றிலும் அதே 4 பேருக்கே 4 இரவு விழுந்தால், ஆண்டு முடிவில் அவர்களுக்கு 52 இரவு, மற்ற 8 பேருக்கு 65 இரவு. வித்தியாசம் 13 இரவுகள், 143 மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தால் 13 பட்டியல்களில் எதிலும் குறை சொல்ல முடியாது. சேர்த்துக் கூட்டினால்தான் 25 சதவீதம் கூடுதல் சுமை தெரிகிறது. ஆகவே நோட்டீஸ் போர்டில் நடப்புப் பட்டியலோடு முந்தைய பட்டியல்களின் கூட்டுத்தொகையும் இருக்க வேண்டும். 3 பட்டியல்களை ஒன்றாக எடுத்தால் 84 நாள், 168 இரவு டூட்டி, தலைக்குச் சரியாக 14. குறைந்த 4 இரவு என்ற சலுகை ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கும். இந்த வார்டில் சமன் பார்க்கத் தகுந்த காலம் மாதம் அல்ல, 12 வாரம்.

12 வாரத்தில் ஒருவருக்கு 14 இரவு, 28 காலை, 21 மதியம். ஆக 63 டூட்டி. மணிக்கணக்கில் 154, 196, 126, கூட்டினால் 476. வாரத்துக்கு 39.7 மணி நேரம். இரவு டூட்டி எண்ணிக்கையில் 22 சதவீதம்தான், நேரத்தில் 32 சதவீதம். டூட்டிகளை மட்டும் எண்ணும் பதிவேட்டில் இந்த 10 புள்ளி வேறுபாடு தெரியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உயிரியல் கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியை 2007இலும், இரவுப்பணியை 2019இலும், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் 2ஏ பிரிவில் வைத்தது. இரவு மணிகளுக்குத் தனிப் பத்தி ஒதுக்க இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது ஞாயிறு. ஞாயிறுதோறும் 3 பேருக்கு ஓய்வு என்றால் 12 வாரத்தில் 36 ஓய்வு ஞாயிறுகள், தலைக்கு 3. காகிதத்தில் இது சமம்தான். ஆனால் இரவு டூட்டியை ஒற்றை ஒற்றையாகப் போட்டு மறுநாள் ‘நைட் ஆஃப்’ கொடுக்கும் வழக்கம் இருந்தால், சனி இரவு பார்த்த 2 பேரும் ஞாயிறு ஓய்வுக் கணக்கில் வந்துவிடுவார்கள். அந்த ஞாயிறு பிறந்து 7 மணி நேரம் வரை அவர்கள் வார்டில்தான் இருக்கிறார்கள். மிச்சப் பகல் தூக்கத்தில் போகிறது. உண்மையான ஓய்வு ஞாயிறு வாரத்துக்கு ஒருவருக்குத்தான். 12 வாரத்தில் தலைக்கு 1. பதிவேடு 3 என்று காட்டும் இடத்தில் வீடு 1 என்று காண்கிறது.

இதைச் சரிசெய்ய ஆள் கூட்ட வேண்டியதில்லை, இரவுகளைக் கட்டும் முறையை மாற்றினால் போதும். வாரத்தின் 7 இரவுகளை 2, 2, 3 என்று பிரிக்கலாம்: திங்கள்–செவ்வாய், புதன்–வியாழன், வெள்ளி–சனி–ஞாயிறு. ஒவ்வொரு கட்டையும் ஓர் இணை பார்க்கும். கட்டு முடிந்ததும் 2 நாள் ஓய்வு. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2006இல் வெளியிட்ட முறைப்பணி வழிகாட்டி தொடர் இரவுகளை 2 அல்லது 3க்குள் நிறுத்தச் சொல்கிறது. இந்தப் பிரிப்பு அதற்குள் அடங்கும். சனி இரவு பார்ப்பவர்களே ஞாயிறு இரவும் பார்ப்பதால், ஞாயிறு ஓய்வில் இருக்கும் 3 பேரில் யாரும் இரவு முடித்து வந்தவர்கள் அல்லர்.

12 வாரத்தில் ஒருவருக்கு 2 இரவுக் கட்டு 4, 3 இரவுக் கட்டு 2. கூட்டினால் அதே 14 இரவு. ஓய்வு நாள்களும் அதே 21: கட்டுகளுக்குப் பின் 12, ஞாயிறு 3, மற்ற நாள் 6. மாறியது ஞாயிறு மட்டுமே. உண்மையான ஓய்வு ஞாயிறு 1இலிருந்து 3 ஆகிறது. புதன்–வியாழன் கட்டை முடித்த இணைக்கு வெள்ளி, சனியோடு ஞாயிறையும் சேர்த்துக் கொடுத்து, மூன்றாவது ஞாயிறைச் சனி ஓய்வில் இருப்பவருக்கே கொடுத்தால், மூன்றுமே சனி–ஞாயிறு இரண்டும் சேர்ந்த முழு வார இறுதிகளாக அமையும். இதற்கு விலை உண்டு. 12 வார இறுதிகளில் 2 முழுக்க இரவில் போகும். 33 மணி நேரம் தொடர்ந்தாற்போல மூன்று இரவுகளில் வரும். சிறு குழந்தை உள்ளவருக்கு ஒற்றை இரவே வசதியாக இருக்கலாம். இரண்டு முறைகளின் எண்களையும் முன்னால் வைத்துப் பணியாளர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது.

பட்டியல் ஒட்டிய பிறகு கணக்கு கலைவது டூட்டி மாற்றத்தில். செவிலியர் 4 தம் வெள்ளி–சனி–ஞாயிறு கட்டைச் செவிலியர் 9க்குக் கொடுத்து, அவருடைய திங்கள்–செவ்வாய் கட்டை வாங்கிக்கொள்கிறார் என்று வைப்போம். 12 வார முடிவில் பதிவேடு இப்படி இருக்கும்:

| | இரவுகள் | இரவு மணி நேரம் | வார இறுதிக் கட்டுகள் |
|---|---|---|---|
| செவிலியர் 4 | 13 | 143 | 1 |
| செவிலியர் 9 | 15 | 165 | 3 |
| மற்றவர்கள் | 14 | 154 | 2 |

இரவில் 2 வித்தியாசம். அடுத்த சுற்றில் செவிலியர் 4 ஒரு புதன் இரவைக் கூடுதலாகவும் செவிலியர் 9 ஓர் இரவைக் குறைவாகவும் பார்த்தால் முதல் இரண்டு பத்திகள் நேராகிவிடும். மூன்றாவது பத்தி நேராகாது. வார இறுதியில் 2 வித்தியாசம் அப்படியே நிற்கும். மொத்த இரவுகளை மட்டும் எழுதும் பதிவேட்டில் இந்த மாற்றம் கடன் தீர்ந்ததாகத் தோன்றும். வாய்மொழியாக நடந்த மாற்றமோ எந்தப் பத்தியிலும் ஏறாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு விவரம் போதும்: கேட்டவர், ஏற்றவர், அனுமதித்தவர், தேதி. ஒருவர் ஏற்பவராகவே தொடர்ந்து வருகிறார் என்றால் அது அந்த மாற்றப் பட்டியலில் முதலில் தெரியும்.

நீண்ட விடுப்பில் சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒருவர் 26 வார மகப்பேறு விடுப்பில் போகிறார், மாற்று ஆள் வரவில்லை. அந்த 26 வாரத்தில் 364 இரவுகளை 11 பேர் பார்க்கிறார்கள், தலைக்கு 33.1. அவர் இருந்திருந்தால் 30.3. மற்றவர்களின் வார வேலை நேரம் 39.7இலிருந்து 43.3 ஆகிறது. திரும்பி வந்தவரின் பெயருக்கு நேரே பதிவேடு 0 என்று காட்டும். ஆண்டு மொத்தம் 728 இரவை 12 பேருக்குச் சமமாக்க முயன்றால், அவர் மிச்சமுள்ள 26 வாரத்தில் 60.7 இரவு பார்க்க வேண்டும், வாரத்துக்கு 2.33, வழக்கமான 1.17இன் இருமடங்கு. விடுப்பு கடனாக மாறிவிடுகிறது. பணியில் இருந்த வாரங்களால் வகுத்தால் அவருக்கு வாரத்துக்கு 1.17 இரவு, மற்றவர்களுக்கு ஆண்டு சராசரி 1.22. இந்த 0.05 வித்தியாசத்துக்குக் காரணம் மாற்று ஆள் வராதது; அதை அவர் கணக்கில் ஏற்றுவதற்கு இடமில்லை.

பண்டிகைக்கு 12 வாரக் கணக்கு உதவாது. தீபாவளியன்றும் 9 பேர் வேண்டும் என்றால் ஓய்வு 3 பேருக்கு; ஒருவருக்கு வீட்டில் தீபாவளி 4 ஆண்டுக்கு ஒரு முறை. தீபாவளி இரவு டூட்டி 2 பேருக்கு. ஒருவருக்கு அது 6 ஆண்டுக்கு ஒரு முறை வரலாம். ஜனவரியில் புதிய பதிவேடு திறந்து பழையதை மூடினால் இந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது. பொங்கல், ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் நான்கையும் சேர்த்தால் ஆண்டுக்கு 12 பண்டிகை ஓய்வுகள், தலைக்கு 1. அவரவர் விருப்பத்தை முன்கூட்டியே வாங்கினால், மதமும் ஊர் வழக்கமும் வேறுபட்ட அணியில் பலருக்கும் கேட்ட நாளே அமையக்கூடும். ஒரே பண்டிகையை 12 பேரும் கேட்டால் 4 ஆண்டுச் சுழற்சிதான்.

ஆக, பட்டியலோடு ஒட்ட வேண்டியவை ஒரு பக்கத்தில் அடங்கும்: ஒவ்வொருவரின் இரவு, வார இறுதிக் கட்டு, உண்மையான ஓய்வு ஞாயிறு, பணியில் இருந்த வாரம், பண்டிகை ஓய்வு. ஒவ்வொரு பத்தியின் அடியிலும் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். மாதிரி வார்டில் 12 வார முடிவில் அந்த வித்தியாசம் முதல் மூன்று பத்திகளிலும் 0 ஆக முடியும். 1க்கு மேல் போனால் மாற்றப் பட்டியலிலோ விடுப்பிலோ காரணம் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் காரணம் பட்டியல் போட்டவரிடம் கேட்கப்பட வேண்டியது.

பட்டியலால் செய்ய முடிவது இவ்வளவே. 168 இரவுகளை 12 பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம். 168ஐக் குறைக்க முடியாது. ஒருவர் குறைந்து 11 பேர் ஆனால் தலைக்கு 15.3 இரவு, வாரத்துக்கு 43.3 மணி நேரம். ஒருவர் கூடி 13 பேர் ஆனால் 12.9 இரவு, 36.6 மணி நேரம். 12 பேருக்குள் யார் பட்டியல் போட்டாலும் சராசரி 14தான். அந்தச் சராசரியை மாற்றும் எண் வார்டின் பதிவேட்டில் இல்லை, பணியிட ஒதுக்கீட்டில் இருக்கிறது.