உத்தரப் பிரதேசமா, தில்லியா? குற்றப் புள்ளிவிவரத்தைப் பிழையின்றிப் பகிர்வது எப்படி?

பெண்களுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பாக 2022-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் 65,743 வழக்குகளும், தில்லியில் 14,247 வழக்குகளும் பதிவாகின. இதை வைத்து, 'பெண்களுக்கு எதிரான குற்றத்தில் உத்தரப் பிரதேசம் முதலிடம்' என ஒருவர் பதிவிடலாம். அதே அறிக்கையை வைத்தே, 'தில்லி முதலிடம்' என மற்றொருவர் பதிவிடலாம். இருவரும் காட்டும் எண்கள் சரியானவையே. ஆனால், எதை அளவுகோலாகக் கொண்டனர் என்பதை இருவருமே சொல்லவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய எண்களை எவ்வாறு மேற்கோள் காட்ட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

எண்ணிக்கையும் விகிதமும்

மக்கள்தொகை அதிகமுள்ள மாநிலத்தில் வழக்குகளின் எண்ணிக்கையும் பொதுவாக அதிகமாகவே இருக்கும். எனவேதான், ஒரு லட்சம் பெண்களுக்கு எத்தனை வழக்குகள் என்ற குற்ற விகிதத்தையும் அறிக்கை தருகிறது. உத்தரப் பிரதேசத்தில் இந்த விகிதம் 58.6, தேசிய அளவில் 66.4, தில்லியில் 144.4. அதாவது, எண்ணிக்கையில் முதலிடத்தில் உள்ள மாநிலம், விகிதத்தில் தேசிய சராசரிக்கும் கீழே உள்ளது.

66.4 என்பதை '66.4 சதவீதம்' என எழுதுவது பெரும் பிழையாகும். அவ்வாறு எழுதினால், மூன்றில் இரு பெண்கள் பாதிக்கப்பட்டதாகப் பொருளாகிவிடும். லட்சத்துக்கு 66.4 என்பதைச் சதவீதமாக மாற்றினால் 0.0664 மட்டுமே.

எதில் 31.4 சதவீதம்?

மொத்தம் பதிவான 4,45,256 வழக்குகளில் 1,40,019 வழக்குகள், கணவர் அல்லது அவரது உறவினர்கள் இழைத்த கொடுமை தொடர்பானவை. இது 31.4 சதவீதம். ஆனால், '31.4 சதவீத பெண்கள் கணவர் வீட்டில் கொடுமைக்கு ஆளாகின்றனர்' என எழுதினால், வழக்குகளின் பங்கு பெண்களின் பங்காக மாறிவிடுகிறது. சதவீதத்தைக் குறிப்பிடும்போதெல்லாம், 'எதில்' என்ற சொல்லுக்கான விடை அதே வாக்கியத்தில் இடம்பெற வேண்டும்.

முழுமையாக்குவதிலும் கவனம் தேவை. மேற்கண்ட பங்கைத் துல்லியமாகக் கணக்கிட்டால் 31.447 சதவீதம் வரும். இதை முதலில் 31.45 என்றும், பின்னர் அதை 31.5 என்றும் சுருக்கினால் விடை தவறாகிவிடும். மூல எண்ணிலிருந்து ஒரே முறையில் சுருக்கினால் 31.4 என்பதே சரி. 'சுமார் 31 சதவீதம்' எனலாம். 'மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்' எனக் கூறுவது பொருந்தாது.

எந்த ஆண்டுடன் ஒப்பீடு?

இத்தகைய வழக்குகள் 2020-இல் 3,71,503-ஆக இருந்து, 2021-இல் 4,28,278-ஆக அதிகரித்தன. இது 15.3 சதவீத உயர்வு. ஆனால், 2020 என்பது பொதுமுடக்க ஆண்டு. அதற்கு முந்தைய 2019-இல் 4,05,326 வழக்குகள் பதிவாகியிருந்தன. அந்த ஆண்டுடன் ஒப்பிட்டால், 2021-இல் ஏற்பட்ட உயர்வு 5.7 சதவீதமே. ஒப்பீட்டு ஆண்டு வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தால், அடுத்த ஆண்டின் உயர்வு பெரிதாகத் தோன்றும்.

2022-இல் வழக்குகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 4 சதவீதம் உயர்ந்தது. அதே காலத்தில் குற்ற விகிதம் 64.5-இலிருந்து 66.4-ஆனது, இது ஏறத்தாழ 3 சதவீத உயர்வு. மக்கள்தொகையும் பெருகியதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்த எண்கள் சொல்லாதவை

இவை காவல் துறையில் பதிவான வழக்குகள் மட்டுமே. புகார் அளிக்கப்படாத குற்றங்கள் இதில் இல்லை. புகார்களை எளிதில் பதிவு செய்யும் மாநிலத்தில் எண்ணிக்கை உயர்ந்து காணப்படக்கூடும். மேலும், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இடம்பெற்றிருந்தால், அவற்றில் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. குற்ற விகிதமும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையிலான கணிப்பைச் சார்ந்தது. ஆகவே, விகிதத்தில் முதலிடம் என்பதை 'பெண்களுக்கு மிகவும் பாதுகாப்பற்ற இடம்' என மாற்றி எழுத இந்த அறிக்கை ஆதாரமாகாது.

மேற்கண்ட அனைத்தையும் கருத்தில் கொண்டால், பதிவு இவ்வாறு அமையலாம்: '2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பாகப் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசம் (65,743) முதலிடத்தில் உள்ளது, லட்சம் பெண்களுக்கான வழக்கு விகிதத்தில் தில்லி (144.4) முதலிடத்தில் உள்ளது - தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.' ஆண்டு, அளவுகோல், எண், ஆதாரம் ஆகிய நான்கும் இதில் இருப்பதால், வாசிப்பவர் மூல அறிக்கையைத் திறந்து எளிதில் சரிபார்த்துக்கொள்ள முடியும்.