கிரிக்னார்டு தாளில் ஒரு வரி

வினைகளை வினைப்பொருள் வாரியாகத் தொகுத்தால், கிரிக்னார்டு தாளில் எஸ்டர் வரிக்குத்தான் அதிக இடம் விடவேண்டும். மீதி வரிகளில் பெரும்பாலானவை ஒரே தாக்குதலில் முடிந்துவிடும்.

மெத்தில் பென்சோயேட்டுடன் பீனைல் மெக்னீசியம் புரோமைடைச் சேர்ப்போம். மெக்னீசியத்தை ஒட்டிய கார்பனில் எலெக்ட்ரான் மிகுதி. அது எஸ்டரின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. இரட்டைப் பிணைப்பின் ஒரு ஜோடி எலெக்ட்ரான் ஆக்சிஜனுக்குப் போகிறது. ஆக்சிஜன் அதைத் திருப்பித் தள்ள, மெத்தாக்சி கழன்று கீட்டோன் உருவாகிறது.

மாணவர்கள் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். வினை நிற்காது. கீட்டோன் எஸ்டரைவிட எளிதில் தாக்கப்படும். இரண்டாவது பீனைலும் வந்து சேரும். நீர்த்த அமிலம் ஊற்றியதும் ஆக்சிஜன் புரோட்டானைப் பெற்று டிரைபீனைல் மெத்தனால் கிடைக்கும்.

ஆகவே ஒரு மோல் எஸ்டருக்கு இரண்டு மோல் தேவை. குடுவையில் ஈரமிருந்தால் வினைப்பொருள் பென்சீனாகி வீணாகும்.