பெயரை மாற்றினாலும் பொருந்தும் பதில்

படிப்பு, மதிப்பெண், முந்தைய வேலை எல்லாம் பேசி முடிந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கோப்பை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: “சரி, இங்க வேலைக்கு வரணும்னு ஏன் நினைக்கிறீங்க?”

“பேர் பெற்ற கம்பெனி சார். வளர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. என் திறமையை இங்க முழுசா காட்ட முடியும்.” பெரும்பாலானவர்கள் சொல்வது இதைத்தான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் வேறொரு கம்பெனிக்குப் போய் இதையே சொல்வதானால், ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. காலையிலிருந்து பத்துப் பேரைப் பார்த்த அதிகாரி இதை ஏற்கெனவே பத்து முறை கேட்டிருப்பார். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இங்கே என்ன வேலை நடக்கிறது என்று இவருக்குத் தெரியுமா, தெரிந்துதான் வருகிறாரா, ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவாரா என்பதே அவருடைய கவலை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு பெண், நுண்ணுயிரியலில் பட்டம் பெற்றவர், ஒரு பால் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை வீரபாஞ்சானில் இருக்கும் ஆரோலேபில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவாக 1992-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஏழை நோயாளியால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. அதனால் மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றைப் படித்த எவருக்கும் மனம் நெகிழும். அங்கேதான் வழுக்குகிறது. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கியதையும், அந்தச் சேவை தன்னைக் கவர்ந்ததையும் அந்தப் பெண் உணர்ச்சியோடு சொல்லலாம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே காரணத்தை அங்கே வரும் கணக்காளரும் சொல்லலாம், ஓட்டுநரும் சொல்லலாம். நிறுவனத்தின் மேல் இருக்கும் மரியாதை வேறு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யப்போகும் வேலையின் மேல் இருக்கும் ஆசை வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

அதற்கான பதில் வேலை விளம்பரத்திலேயே இருக்கும். ‘ஸ்டெரிலிட்டி டெஸ்ட், கிளீன் ரூம் கண்காணிப்பு’ என்று அதில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வரியையும் தன்னுடைய இப்போதைய வேலையையும் அந்தப் பெண் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பால் ஆய்வகத்தில் மாதிரியைத் தட்டில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வளரவிட்டு, முளைத்த காலனிகளை எண்ணுகிறார்கள். இத்தனைக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு வரம்பு உண்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் வரம்பு என்ற பேச்சே இல்லை. கிருமிநீக்கம் செய்த பொருளை இரண்டு வகை ஊட்டக் கரைசலில் போட்டு 14 நாள் காத்திருக்கிறார்கள். கரைசல் கலங்கினால் விவகாரம் தொடங்கிவிடும். எண்ணும் வேலையிலிருந்து ஒன்றுகூட இல்லை என்று உறுதிப்படுத்தும் வேலைக்குப் போகிறார் அவர். ‘ஏன் இங்கே’ என்பதற்கான விடை அந்த இடைவெளியில் இருக்கிறது.

இதைப் பேச்சில் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: “இப்ப நான் பால் லேப்ல இருக்கேன் மேடம். காலனி எண்ணுவோம், வரம்புக்குள்ள இருந்தா பாஸ். போன வருஷம் ஒரு வாரம் எண்ணிக்கை திடீர்னு ஏறிச்சு. லைன் முழுக்க ஸ்வாப் எடுத்துப் பார்த்தோம், ஃபில்லிங் மிஷின்ல ஒரு ரப்பர் கேஸ்கட் வெடிச்சிருந்தது, அதுக்குள்ள இருந்துதான் வந்தது. அந்தத் தேடுற வேலைதான் எனக்குப் பிடிச்சது. எங்க இடத்துல அது எப்பவாவதுதான் வரும். உங்க விளம்பரத்துல கிளீன் ரூம் கண்காணிப்பு போட்டிருந்தீங்க. இங்க அது தினசரி வேலை. அதைக் கத்துக்கத்தான் வர்றேன்.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வேறொரு கம்பெனியில் இதை அப்படியே சொல்ல முடியாது. வேறொருவர் வந்தும் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் கேஸ்கட்டைக் கண்டுபிடித்தது இவர்தான்.

இப்படிப் பேசினால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். “பதினாலு நாள்ல ஒரு குழாய் கலங்கிடுச்சு. என்ன பண்ணுவீங்க?” இணையத்தில் படித்ததை மனப்பாடம் செய்து வந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். “திரும்ப ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்ப்பேன்” என்பது சட்டென்று வாயில் வரும் பதில், அதுவே தவறான பதிலும்கூட. முதல் சோதனை செய்த விதத்தில்தான் கோளாறு என்று நிரூபித்த பிறகே மறுசோதனைக்கு இடம் உண்டு. வளர்ந்தது எந்தக் கிருமி, சோதனை அறையில் வைத்த தட்டுகளில் அதுவே இருக்கிறதா, பொருள் எதுவும் போடாமல் வைத்த குழாயும் கலங்கியதா என்று பார்த்தாக வேண்டும். இவ்வளவும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியதில்லை. “பால் லேப்ல இந்த நிலைமை வந்ததில்ல மேடம். முதல்ல லேப்ல இருந்து வந்ததா, பொருள்ல இருந்து வந்ததான்னு பிரிச்சுப் பார்ப்பேன்” என்று சொன்னாலே போதும், கேஸ்கட் கதை கதையல்ல என்று தெரிந்துவிடும்.

சம்பளம்? மதுரை வீட்டுக்குப் பக்கம் என்பது? இரண்டையும் மறைக்கத் தேவையில்லை. சம்பளம் எனக்கு முக்கியமே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. பக்கத்து ஊர் என்பது நல்ல செய்தியும்கூட, இவர் சீக்கிரம் விட்டுப் போகமாட்டார் என்று அதிகாரிக்கு ஒரு தைரியம் கொடுக்கும். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டும். முதல் வாக்கியமே “வீட்டுக்குப் பக்கம் மேடம்” என்று இருந்தால், பக்கத்தில் இருக்கும் எந்த வேலையும் இவருக்குச் சரிதான் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

பெரிய நிறுவனமென்றால் விவரம் தேடுவது சுலபம். அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இணையதளம்கூட இருக்காது. அங்கே வேறு வழி. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வாசல் டீக்கடையில் நின்றால், எந்த மிஷின் புதிதாக வந்திருக்கிறது, எந்தக் கம்பெனிக்கு பார்ட்ஸ் போகிறது, புதுப் பையன்களுக்கு யார் வேலை சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். “சி.என்.சி. லேத் புதுசா போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், நான் இதுவரை பழைய லேத்துலதான் ஓட்டியிருக்கேன்” என்று ஒருவர் தொடங்கினால் முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

தேடும்போது எதிரான விஷயமும் கிடைக்கலாம். அங்கே வேலை பார்த்த சீனியர் ஒருவர், “முதல் வருஷம் பூரா ரெக்கார்டு எழுதுறதுதான், கிளீன் ரூமுக்குள்ளயே விடமாட்டாங்க” என்று சொல்லிவிட்டால், கட்டிவைத்த பதில் சரிந்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தானா என்பதும் தெரியாது. அதனால் கடைசியில் “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்று வரும்போது அந்தப் பெண் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “முதல் ஆறு மாசம் புதுசா வர்றவங்களுக்கு என்ன வேலை மேடம் கொடுப்பீங்க?”