மூன்றெழுத்தில் ஒரு நாணயம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் தோட்டத்து மூத்தவர்கள் பலர் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே சொல்வார்கள். கடையில் தொங்கும் விலை அட்டையில் அதே பணம் RM என்று எழுதப்பட்டிருக்கும். செப்பாங்கில் உள்ள விமான நிலையத்தின் நாணய மாற்று முகப்பிலோ வங்கியின் கைப்பேசிச் செயலியிலோ பார்த்தால் MYR என்ற மூன்று எழுத்துகள் தெரியும். பணம் ஒன்றுதான், பெயர்தான் மூன்று. இவற்றுள் உலகெங்கும் உள்ள வங்கிகள் ஐயமின்றிப் புரிந்துகொள்வது மூன்றாவதை மட்டுமே.

இந்த மூன்றெழுத்துக் குறியீடுகளை வகுத்தது அனைத்துலகத் தரநிலை அமைப்பாகும். ஐ.எஸ்.ஓ. 4217 என்னும் எண் கொண்ட அதன் பட்டியல் முதன்முதலில் 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறியீட்டை அமைக்கும் முறை எளிமையானது. முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். மூன்றாம் எழுத்து, பெரும்பாலும் நாணயப் பெயரின் முதலெழுத்தாக இருக்கும். MY என்பது மலேசியா. R என்பது ரிங்கிட். மலேசிய நாணயத்திற்கு ரிங்கிட் என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 1975இல் வழங்கப்பட்டது. அதற்கு முன்பு ஆங்கிலத்தில் அது டாலர் எனப்பட்டது. அப்பெயரே நீடித்திருந்தால், இன்றைய குறியீடு MYD என அமைந்திருக்கக்கூடும்.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். புக்கிட் பெலண்டோக்கில் வாழும் பாட்டி ஒருவர், திருச்சியிலுள்ள தம் தங்கை வீட்டுத் திருமணத்திற்கு 10,000 ரூபாய் மொய்ப்பணம் அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி கைப்பேசிச் செயலியைத் திறக்கிறாள். முதலில் ‘அனுப்பும் நாணயம்’ என்ற கட்டம் வருகிறது. அதில் RM என்று தேடினால் எதுவும் கிடைக்காது; அது நாட்டுக்குள் விலை எழுதப் பயன்படும் அடையாளமே தவிர, பட்டியலில் உள்ள குறியீடன்று. அகர வரிசையில் கீழே இறங்கினால் MUR, MVR, MYR ஆகிய மூன்றும் அருகருகே வருகின்றன. மூன்றும் M என்று தொடங்கி R என்று முடிகின்றன. முதல் இரண்டு எழுத்துகளைப் படித்தால்தான் குழப்பம் தீரும். MU மொரிசியசையும் MV மாலைத்தீவையும் MY மலேசியாவையும் குறிக்கின்றன.

அடுத்தது ‘பெறும் நாணயம்’ என்ற கட்டம். பாட்டி “ரூபாய்” என்று மட்டுமே சொன்னார். ஆனால், ரூபாய் என்பது ஒரே நாட்டின் பணமன்று. இந்தியாவிற்கு INR, இலங்கைக்கு LKR, பாகிஸ்தானுக்கு PKR, நேப்பாளத்திற்கு NPR, மொரிசியசுக்கு MUR எனத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. பெயர் ஒன்றானாலும் மதிப்பு ஒன்றன்று. அண்மைய ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கும் மேல் கிடைத்துள்ளது. பேத்தி INR என்பதற்குப் பதிலாக LKR என்பதைத் தேர்ந்தெடுத்து 10,000 என்று எழுதினால், அந்தத் தொகை பாட்டி நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. நல்ல வேளையாக, பிழையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன், எத்தனை ரிங்கிட் கழிக்கப்படும் என்பதைத் திரை காட்டும். அத்தொகை எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக இருந்தால், மூன்றெழுத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இலங்கையின் ஆங்கிலப் பெயர் S, L என்ற எழுத்துகளில் தொடங்கும் இரு சொற்களால் ஆனதாயிற்றே. பிறகு ஏன் LK? நாடுகளுக்கான ஈரெழுத்துப் பட்டியலில் SL ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனுக்கு உரியது. ஒரு நாட்டின் எழுத்துகளை இன்னொரு நாட்டிற்கும் தர முடியாது. எனவே, ‘லங்கா’ என்ற சொல்லிலுள்ள எழுத்துகள் இலங்கைக்குக் கிடைத்தன. இதைப் போலவே IN இந்தியாவிற்கு உரியது என்பதால், இந்தோனேசியா ID என்ற எழுத்துகளைப் பெற்றது. அதன் ரூப்பியா IDR ஆனது. சுவிட்சர்லாந்தின் CHF இன்னும் வியப்பூட்டும். அந்நாட்டின் இலத்தீன் பெயரிலிருந்து CH வந்தது. இவையெல்லாம் விதிவிலக்குகள்போலத் தோன்றினாலும் விதிக்கு உட்பட்டவையே. நாட்டின் எழுத்துகள் நாம் ஊகிக்கும் எழுத்துகளாக இல்லை, அவ்வளவுதான்.

உண்மையான விதிவிலக்குகள் வேறு. ஒரு நாணயம் எந்தத் தனி நாட்டிற்கும் உரியதாக இல்லாவிட்டால் என்ன செய்வது? மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகள் ஒரே பிராங்கைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்றின் எழுத்துகளை மட்டும் எடுப்பது பொருந்தாது. ஆகவே, அதன் குறியீடு X என்று தொடங்கி XOF என அமைந்துள்ளது. X என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. XA முதல் XZ வரையிலான இணைகளை எந்த நாட்டிற்கும் வழங்குவதில்லை என்று நாடுகளின் பட்டியலிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால், நாளை ஒரு புதிய நாடு பிறந்தாலும் அதன் குறியீட்டோடு இவை மோதமாட்டா. ஐரோப்பாவின் யூரோவும் பல நாடுகளின் பொதுப்பணமே. எனினும், EU என்ற எழுத்துகள் ஐரோப்பிய ஒன்றியத்திற்கெனச் சிறப்பாக ஒதுக்கப்பட்டிருப்பதால், அது X இல்லாமல் EUR என நிற்கிறது.

நாடு மறைந்த பிறகும் அதன் எழுத்துகள் பணத்தில் வாழ்ந்த கதையும் உண்டு. கரிபியன் கடலிலிருந்த நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற ஆட்சிப்பகுதி 2010ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கலைக்கப்பட்டது. ஆனால், அதன் எழுத்துகளைத் தாங்கிய ANG என்ற கில்டர், குராசாவ், சிந்து மார்ட்டின் ஆகிய இரு தீவு நாடுகளில் தொடர்ந்து புழங்கியது. 2025 மார்ச் 31இல்தான் கரிபியன் கில்டர் என்ற புதிய நாணயம் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டு நாடுகள் பகிர்ந்துகொள்வதால் அதன் குறியீடும் X என்று தொடங்குகிறது: XCG.

இதே X, உலோகங்களுக்கும் இடமளித்திருக்கிறது. தங்கத்தின் குறியீடு XAU. வெள்ளியின் குறியீடு XAG. X-க்குப் பின்னால் வரும் Au, Ag ஆகியவை அறிவியல் பாடத்தில் மாணவர்கள் படிக்கும் வேதியியல் குறியீடுகளே. AU என்ற எழுத்துகளைப் பார்த்தவுடன் ஆஸ்திரேலியா நினைவிற்கு வரலாம். ஆனால், நாட்டிற்குரிய எழுத்துகள் எப்போதும் முன்னால் நிற்கும். AUD என்றால் ஆஸ்திரேலிய டாலர். XAU என்றால் தங்கம். XAU என்பது ஒரு பவுனையோ ஒரு கிராமையோ குறிப்பதன்று. அது ஏறத்தாழ 31.1 கிராம் எடையுள்ள ஒரு டிராய் அவுன்ஸ் தங்கத்தைக் குறிக்கிறது.

இப்போது பாட்டியின் ‘வெள்ளி’க்குத் திரும்புவோம். அக்காலத்தில் கைமாறிய வெள்ளி நாணயங்களின் நினைவு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. வீட்டில் பாட்டி “நூறு வெள்ளி” என்றால் எல்லாருக்கும் புரியும். வங்கித் திரையிலோ வெள்ளி என்பது XAG. பாட்டி சொல்லும் வெள்ளி MYR. பேச்சில் வரும் சொல்லைக் கேட்டு, எந்த நாட்டுப் பணம் என்று அறிந்து, அதற்குரிய மூன்றெழுத்தைத் தேர்ந்தெடுப்பது பேத்தியின் பொறுப்பு. அதைச் சரியாகச் செய்தால், பாட்டி நினைத்த மொய்ப்பணம் குறையாமல் திருச்சிக்குப் போய்ச் சேரும்.