பௌர்ணமிதோறும் கிரகணம் ஏன் இல்லை? இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள்

பௌர்ணமிதோறும் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை? இரண்டு மூன்று நிமிட அறிவியல் வீடியோவுக்குத் தோதான கேள்வி. விடையும் சின்னதுதான். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடுகிறது.

இதை நாலு பாராவாக எழுதி, அனிமேஷன் செய்பவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பாடப்புத்தகத்தில் பார்த்தது போலப் பெரிய பூமி, பக்கத்திலேயே நிலவு என்று வரைந்து, பாதையைக் கொஞ்சம் சாய்த்துத் தருவார். குரல் "நிழலில் சிக்காமல் தப்பிவிடுகிறது" என்று சொல்லும். திரையில் நிலவு நிழலுக்குள்ளேயே நிற்கும். பார்ப்பவர் படத்தைத்தான் நம்புவார். தவறு வரைந்தவருடையது அல்ல. எழுதியவர் சொன்னதை எழுதினாரே ஒழிய, காட்ட வேண்டியதை எழுதவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் இரண்டு பத்தி ஸ்கிரிப்ட். தாளை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல் என்று எழுதுவது வழக்கம். மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் போகும். ஒரு வரிசைக்கு ஒரு கருத்து, ஒரு படம். திரையில் புதிதாக ஒன்று வர வேண்டும் என்றால் அடுத்த வரிசை தொடங்கிவிடும். காட்சிப் பத்தியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த வாக்கியத்துக்கு என்ன காட்டுவது என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்று பொருள்.

கட்டத்தை நிரப்புவதில்தான் வேலை இருக்கிறது. 'நிலவின் பாதை சாய்ந்திருப்பதைக் காட்டவும்' என்று எழுதினால் அது காட்சி அல்ல, விருப்பம். எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம், எது அசைகிறது, எது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எந்தச் சொல்லின்போது மாறுகிறது என்ற நான்கும் அதில் வேண்டும்.

நம் கேள்வியில் 'எவ்வளவு பெரிது' என்பதுதான் உயிர்நாடி. நிலவு இருக்கும் சராசரித் தொலைவு சுமார் 3,84,000 கிலோமீட்டர். பூமியைப் போல 30 உருண்டைகளை வரிசையாக அடுக்கும் தூரம். 1,920 பிக்சல் அகலமுள்ள திரையில் அந்த இடைவெளிக்கு 1,800 பிக்சல் கொடுத்தால், பூமிக்குக் கிடைப்பது 60 பிக்சல், நிலவுக்கு வெறும் 16. இந்த அளவில் 5 பாகை சாய்வு நிலவை ஏறத்தாழ 160 பிக்சல் உயரத்துக்குத் தூக்கிவிடும். அவ்வளவு தொலைவில் பூமியின் கருநிழல் 43 பிக்சல் அகலம்தான். நிலவு நிழலைத் தொடாமல் போவது பளிச்சென்று தெரியும்.

அதே சாய்வைப் பாடப்புத்தக அளவில் வரைந்து பாருங்கள். பூமி 300 பிக்சல், நிலவு இருக்கும் தூரம் 600 பிக்சல் என்றால் நிலவு உயர்வது 50 பிக்சல் சொச்சம். நிழலோ கிட்டத்தட்ட பூமி அளவுக்கு அகலமாக இருக்கும். நிலவு தப்பவே முடியாது. சாய்வு சரி, சொன்ன வாக்கியமும் சரி. அளவு மாறியதால் விளக்கமே பொய்யாகிவிட்டது. ஆகவே 'உண்மை அளவில்' என்ற குறிப்பு காட்சிப் பத்தியில் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் பகுதியை எழுதினால் இப்படி வரும்:

| காட்சி | குரல் |
|---|---|
| 1. பக்கவாட்டுப் பார்வை. புத்தகப் படம்: பெரிய பூமி, அருகில் நிலவு, நிழலுக்குள். (6 நொடி) | இந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். இதன்படி மாதாமாதம் கிரகணம் வர வேண்டும். |
| 2. பூமி சுருங்குகிறது, நிலவு திரையின் வலது ஓரம் வரை விலகிப் போகிறது. எழுத்து: 3,84,000 கி.மீ. உண்மை அளவில். (9 நொடி) | ஆனால் உண்மையான தூரம் இது. நடுவில் முப்பது பூமிகளை அடுக்கலாம். (4 நொடி மௌனம்) |
| 3. பூமிக்குப் பின்னால் மெல்லிய நிழல் நீண்டு நிலவை மூடுகிறது. (5 நொடி) | பூமியின் நிழல் அங்கே போய்ச் சேரும்போது இவ்வளவுதான். |
| 4. நிழல் அப்படியே நிற்கிறது. 'சாய்ந்திருக்கிறது' என்னும்போது பாதை சாய, நிலவு மேலே ஏறுகிறது. (8 நொடி) | நிலவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. (3 நொடி மௌனம்) |
| 5. பாதை பூமியின் தளத்தை வெட்டும் இரு புள்ளிகள் ஒளிர்கின்றன. எழுத்து: ராகு, கேது. (9 நொடி) | பௌர்ணமி நிலவு இந்தப் புள்ளிகளில் ஒன்றின் அருகே வந்தால்தான் கிரகணம். பஞ்சாங்கம் ராகு, கேது என்பது இவற்றைத்தான். |

மூன்றாவது வரிசையில் குரல் 'ஒன்பதாயிரம் கிலோமீட்டர் அகலம்' என்று சொல்லவில்லை. படமே காட்டிவிடுவதால் 'இவ்வளவுதான்' போதும். வானொலியில் இந்த வாக்கியத்துக்குப் பொருளே இராது. படத்தோடு சேர்ந்துதான் முழுமையாகிறது. இரண்டாவது வரிசையில் எண் திரையில் எழுத்தாக நிற்க, குரல் அதையே படிக்காமல் முப்பது பூமிகளைப் பற்றிப் பேசுகிறது. சொல்வதை அப்படியே திரையில் எழுதிக்காட்டினால் கற்பவர் கவனம் சிதறுகிறது என்பதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் கண்டிருக்கிறார். கண் எழுத்தைப் படிக்கப் போனால் படத்தை யார் பார்ப்பது?

நான்காவது வரிசையில் ஒரு சொல் அழுத்தமாக இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். 'நிலவின் பாதை' என்ற இடத்திலேயே படம் சாய்ந்துவிட்டால், காரணம் வருமுன் விளைவு வந்துவிடும். ஆங்கில ஸ்கிரிப்டை வைத்துத் தமிழ்க் குரலை மட்டும் மாற்றும்போது பெரும்பாலும் தவறுவது இங்கேதான். படம் மாற வேண்டிய சொல்லை அடிக்கோடிட்டுக் கொடுத்துவிட்டால் எடிட்டருக்குக் குழப்பம் இல்லை.

நேரத்தைச் சொற்களை எண்ணிக் கணக்கிடக் கூடாது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கு, ஒரே சொல் நீண்டுகொண்டே போகும் தமிழுக்கு ஒத்துவராது. கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒவ்வொரு வரிசையையும் வாய்விட்டுப் படித்து நொடியைக் குறிக்க வேண்டும். நிலவு திரை ஓரம் வரை போக 9 நொடி ஆகும், குரலோ 5 நொடியில் முடிகிறது என்றால், மீதி 4 நொடியை மௌனம் என்றே எழுதிவிடலாம். பார்ப்பவருக்குத் தூரம் உறைப்பது அந்த நேரத்தில்தான். குரல் நீண்டு படம் அசையாமல் நின்றால், வெட்ட வேண்டியது குரலை.

எழுதி முடித்ததும், கிரகணம் பற்றி அதிகம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, வலப்பக்கத்தை மறைத்துவிட்டுக் காட்சிப் பத்தியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். நிலவு ஏன் தப்புகிறது என்று அவர் சொல்லிவிட்டால் ஸ்கிரிப்ட் தயார். பிறகு இடப்பக்கத்தை மறைத்துக் குரலை மட்டும் படித்துக் காட்டுங்கள். ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் புரிந்துவிட்டது என்றால், அதை வீடியோவாக எடுக்க வேண்டாம், வானொலிக்குக் கொடுத்துவிடலாம்.